ஓம் எண்டு எழுதித் தாங்கோ அக்கா

போன வருசம் வைகாசியில ஒரு இரவு, ஒன்பதரை மணி இருக்கும், மெசினை நிப்பாட்டிப்போட்டு போனைப் பார்த்தால் வட்சப்பில நாலு போட்டோ வந்து கிடக்குது. புதுக்குடியிருப்புப் பக்கத்து அக்கா ஒராள், மகளுக்கு சாமத்தியவீட்டுக்கு எண்டு என்னட்ட ஆரி வேர்க் பிளவுஸும் ஆஃப் சாறியும் தைப்பிச்சவ. குங்குமச் சிவப்பில பச்சைக் கரை, கையில மயில், மயிலின்ர கழுத்துக்கு மட்டும் ரெண்டு நாள் இருந்து கட்பீட்ஸ் வைச்சனான். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிக்கிற வடிவைப் பார்த்தோடன எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கீழ அக்கா எழுதியிருந்தது ஒரே ஒரு வரி, "நல்லா வந்திருக்கு தங்கச்சி, எல்லாரும் கேட்டவை".

எல்லாரும் கேட்டவை எண்டதை நான் போடச் சொல்லுறா எண்டு எடுத்திட்டன். பத்து நிமிசம் கூட எடுக்கேல்ல. நாலில நல்லதைத் தெரிஞ்சு, மூலையில இருந்த ஸ்ரூடியோவின்ர பெயர் சட்டத்துக்குள்ள இடைஞ்சலா நிண்டதால அதை வெட்டி, இன்ஸ்டாவில என்ர பேஜில போட்டு, அக்காவை டேக் பண்ணி, "எங்கட குட்டித் தேவதை" எண்டு ஒரு வரியும் எழுதி, ஸ்டோரியிலயும் போட்டு, அந்த ஸ்டோரியை ஹைலைட்டில சேர்த்தும் விட்டன். இன்ஸ்டாவில போடுறது தானாவே பேஸ்புக் பேஜுக்கும் போற மாதிரி நான் முந்தியே செட் பண்ணி வைச்சிருந்தனான், அது அந்த நேரம் ஞாபகத்திலயே இல்லை.

மூண்டாம் நாள் காலமை அக்கா கோல் எடுத்தவ. ஏசேல்ல. குரல்தான் அடைச்சிருந்தது. அவையள் மண்டபம் எடுக்காமல் வீட்டோட, கிட்டின ஆக்கள் இருபது பேருக்கு மட்டும் சொல்லிச் செய்ததாம், கையில காசில்லாத நேரம், வவுனியாவில இருக்கிற மச்சாளுக்குச் சொல்லேல்ல, பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தவையாம். மச்சாளின்ர மகள் இன்ஸ்டாவில இவவின்ர புரொபைலைத் தட்ட, டேக் பண்ணின படங்கள் வாற பகுதியில முதலாவதா நிக்குது என்ர போட்டோ. பிறகென்ன, "எங்களுக்குச் சொல்லாமல் சபை வைச்சனீங்களோ" எண்டு தொடங்கி, அண்ணன் தங்கச்சி கதைக்காமல் போற அளவுக்கு வந்திட்டுது. அதோட பிள்ளையின்ர வகுப்பில ஆரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து வகுப்புக் குறூப்பில போட்டு, பிள்ளை ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகேல்ல. பதின்மூண்டு வயசுப் பிள்ளை. ஆஃப் சாறி, ஆலாத்தித் தட்டு, பக்கத்தில நிறைகுடம், அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன விசேசம் எண்டு எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தப் பிள்ளையின்ர உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை நான்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறன், அதுவும் என்ர கைவேலையைக் காட்டுறதுக்காக.

அண்டைக்கே இன்ஸ்டாவில எடுத்தன், ஹைலைட்டிலயும் எடுத்தன், முடிஞ்சுது எண்டு நினைச்சன். ரெண்டு நாளுக்குப் பிறகு அக்கா திருப்பி ஒரு மெசேஜ், "பேஸ்புக்கில இன்னும் கிடக்குது தங்கச்சி". இன்ஸ்டாவில அழிச்சால் பேஸ்புக்கில போன பிரதி அழியாது, அது தனிப் பதிவு, தனியாப் போய்த்தான் அழிக்கோணும். அந்த ரெண்டு நாளில அது இன்னும் எத்தினை பேரின்ர கண்ணுக்குப் போச்சோ. அந்தக் கிழமையே ஸ்ரூடியோத் தம்பியும் எடுத்தவன், "அக்கா, நான் எடுத்த படத்தில என்ர பெயரை வெட்டிப்போட்டு உங்கட பேரில போட்டிருக்கிறியள்" எண்டு. அவன் சொன்னதும் நியாயம்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில படத்தின்ர உரிமை முதல்ல எடுத்தவனுக்குத்தான், படத்தில நிக்கிறவைக்கோ அதை எனக்கு அனுப்பினவைக்கோ இல்லை. ஒரே ஒரு போட்டோவில நான் மூண்டு பேரைக் கேட்டிருக்கோணும்: அனுப்பின தாய், படத்தில நிக்கிற பிள்ளை, எடுத்த தம்பி. ஒருத்தரையும் கேக்கேல்ல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பரந்தனால பஸ் பிடிச்சு அவையளின்ர வீட்டுக்கு நேர போனனான். போனில மன்னிப்புக் கேட்டு முடிக்கிற விசயமா எனக்குப் படேல்ல. அக்கா தேத்தண்ணி தந்தா, பிள்ளை வெளியில வரேல்ல. விறாந்தையில அம்மம்மா ஒராள் பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தவ, நான் சொல்லுறதெல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஆறுதலாச் சொன்னா, "பிள்ளை, மெனிக்பாம் முகாமில சாமான் தரேக்க போட்டோ எடுப்பினம். மாவையும் பருப்பையும் ஒரு கையில பிடிச்சுக்கொண்டு கமராவைப் பார்க்கச் சொல்லுவினம். வேண்டாம் எண்டு சொல்லேலுமே, சாமான் அவையின்ர கையிலயெல்லோ இருக்கு. நான் நிண்ட படம் எந்த நாட்டில எந்தச் சுவரில தொங்குதோ ஆருக்குத் தெரியும்".

நானும் 2009 இல அந்த முள்ளுக்கம்பிக்குள்ள இருந்தவள்தான், எனக்கு அப்ப பதினாறு வயசு. எங்கட வீட்டு ஆல்பம் எல்லாம் இடம்பெயரேக்க எங்கயோ ஒரு பங்கருக்குள்ள போச்சு, என்ர முதலாம் பிறந்தநாள் படம் எண்டு ஒண்டு கூட இல்லை. எங்கட ஆக்களிட்ட தங்கட படம் இல்லை, ஆனா தங்களை மற்றவை எடுத்த படம் எங்கெங்கயோ கிடக்குது. அப்பிடிப்பட்ட சனத்திட்ட வந்த படத்தை நான் கேக்காமல் தூக்கிப் போட்டிருக்கிறன் எண்டு திரும்பி வாற வழி முழுக்க அதே யோசினைதான். அம்மம்மா சொன்னதில இன்னொரு விசயமும் இருந்தது, அதை நான் பிறகுதான் பிடிச்சன். கேக்கிறது மட்டும் காணாது, *எப்ப* கேக்கிறம் எண்டதும் இருக்கு.

அதைச் சொல்லுறன். எங்கட பக்கம் இப்ப சின்னச் சின்னக் கடைகாரர், கேக் அடிக்கிற பிள்ளையள், மெஹந்தி போடுறவை எல்லாரும் சாமான் குடுக்கேக்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "அக்கா, ஒரு போட்டோ எடுத்துப் பேஜில போடட்டே" எண்டு கேக்கினம். அக்கா சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டுவா. பிளவுஸ் இன்னும் என்ர கையில, விடிஞ்சால் கலியாணம், கை கொஞ்சம் இறுக்கம் எண்டால் நான்தான் பிரிச்சுத் தைச்சுக் குடுக்கோணும், அந்த நேரத்தில எந்த மனிசி வேண்டாம் எண்டு சொல்லுவா? போட்டோ போட விட்டால் ஐந்நூறு ரூவா கழிவு எண்டு சொல்லுறதும் இதே மாதிரித்தான், காசு முட்டான ஆள் வேற என்ன சொல்லும். எங்கட நாட்டில 2022 இல வந்த 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் எண்டால் என்ன எண்டு எழுதி வைச்சிருக்கு: சுயமாக் குடுத்ததா இருக்கோணும், எதுக்கு எண்டு குறிப்பாச் சொல்லியிருக்கோணும், விசயம் தெரிஞ்சு குடுத்ததா இருக்கோணும், எழுத்தாலயோ செயலாலயோ சந்தேகமில்லாமல் தெரியோணும். பதினாறு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை எண்டால் தாய் தகப்பன் இல்லாட்டிப் பாதுகாவலர் குடுக்கோணும். குடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுக்கிற உரிமையும் அதில இருக்கு. அந்தச் சட்டத்தின்ர எல்லாப் பகுதியும் ஒரே நாளில நடைமுறைக்கு வரேல்ல, எங்களைப் போல வீட்டில இருந்து தைக்கிற ஆளை ஒருத்தரும் தேடி வரப்போறதும் இல்லை. ஆனா எப்பிடிக் கேக்கோணும் எண்டு எனக்கு வழி தெரியாமல் நிண்ட நேரம் அந்த நாலு சொல்லுத்தான் பிடி தந்தது.

அதால நான் இப்ப சாமான் குடுக்கிற அண்டைக்குப் போட்டோ கதையே எடுக்கிறதில்லை. காசு முழுக்கத் தீர்ந்து, விசேசமும் முடிஞ்சு, ஒரு கிழமை போகட்டும். அதுக்குப் பிறகும் போட்டோ அனுப்பியிருந்தால், வட்சப்பில எனக்கு வேணுமான *அந்த ஒரு* போட்டோவை விரலால இழுத்து, அதுக்குப் பதிலா இதை அனுப்புறன். அப்பிடி இழுத்து அனுப்பினால்தான் எந்தப் படத்துக்குக் கேட்டனான் எண்டது படத்தோடயே நிக்கும், பிறகு "நான் மற்றதையெல்லோ சொன்னனான்" எண்டு ரெண்டு பேரும் தடுமாறத் தேவையில்லை.

"வணக்கம் அக்கா. மேல இருக்கிற இந்த ஒரு போட்டோவை என்ர பேஜில போட விருப்பம். நாலு கேள்வி, ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா எழுதுங்கோ. 1. போடலாமோ? முகத்தோடயோ, முகம் தெரியாமலோ? 2. இன்ஸ்டா, பேஸ்புக், வட்சப் ஸ்டேட்டஸ், இதில எதெதில போடலாம்? 3. உங்களை டேக் பண்ணலாமோ? பெயர், ஊர் எழுதலாமோ? 4. போட்டோ எடுத்தது ஆர்? படத்தில வேற ஆக்கள் நிண்டால் அவைக்கும் சம்மதமோ? காசு கட்டி விளம்பரமாப் போடமாட்டன். ஒரு வருசத்தில எடுத்துப்போடுவன். இடையில வேண்டாம் எண்டால் ஒரு சொல் எழுதுங்கோ, காரணம் கேக்கமாட்டன், அண்டைக்கே எடுப்பன். நீங்கள் எழுதாட்டில் போடமாட்டன், அதால உங்கட அடுத்த ஓடருக்கு ஒண்டும் மாறாது."

கடைசி வரியை நான் பிறகுதான் சேர்த்தனான். அது இல்லாமல் அனுப்பின காலத்தில ஒரு தங்கச்சி ஓம் எண்டு எழுதிப்போட்டு, பிறகு ரெண்டு மாசம் கழிச்சு வேற ஆக்கள் மூலமாச் சொல்லி விட்டவ, வேண்டாம் எண்டால் நான் கோவிச்சு அடுத்த முறை தைக்கமாட்டன் எண்டு நினைச்சவவாம். அந்த ஓம் சும்மா பயத்தில வந்த ஓம்.

போடலாமோ எண்டதையும் டேக் பண்ணலாமோ எண்டதையும் ஏன் பிரிச்சுக் கேக்கிறன் எண்டு கனபேர் கேக்கினம். ரெண்டும் ஒண்டு இல்லை. படம் என்ர பேஜில கிடந்தால் என்ர பேஜைப் பாக்கிறவைக்கு ஆரோ ஒராளின்ர பிளவுஸ் தெரியும், அவ்வளவுதான். டேக் பண்ணினால் அந்த ஆளின்ர வீட்டு வாசலுக்கு நான் ஒரு ஒழுங்கை வெட்டி விட்ட மாதிரி. அவ தன்ர எக்கவுண்டைப் பூட்டி வைச்சிருந்தாலும் என்ர பேஜ் எல்லாருக்கும் திறந்தது, படத்தைத் தட்டினால் அவவின்ர எக்கவுண்ட் பெயர் மேல வரும், தட்டிப் போய் மெசேஜ் றிக்குவெஸ்ட் போட எவனாலயும் ஏலும். மற்றப் பக்கத்தால அவவின்ர புரொபைலிலயும் அது வந்து நிக்கும், மச்சாளின்ர மகள் கண்டது அப்பிடித்தான். தலைப்பு வரியில @ போட்டுப் பெயர் எழுதினால் புரொபைலில வராது, ஆனா தட்டிப் போகலாம், அதால அதுக்கும் நான் டேக் மாதிரியே சம்மதம் கேக்கிறன். தன்ர விருப்பமில்லாமல் எதுவும் புரொபைலில வரக்கூடாது எண்டு நினைக்கிற ஆக்கள் இன்ஸ்டா செற்றிங்ஸில Manually approve tags எண்டதை ஒன் பண்ணி வைக்கலாம், ஏற்கெனவே டேக் பண்ணிக் கிடந்தால் படத்தைத் தட்டித் தங்கட பெயரில Remove me from post குடுக்கலாம். ஆனா அது பெயரை மட்டும்தான் எடுக்கும். படம் என்ர பேஜிலதான் கிடக்கும், அதை எடுக்கிறது என்ர கையிலதான் இருக்கு.

வாற பதிலுகளும் ஒரே மாதிரி இல்லை. சிலர் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டு விடுவினம். அது நன்றியோ, சந்தோசமோ, ஓமோ, எனக்குத் தெரியாது, அதால "அக்கா, போடலாம் எண்டால் ஓம் எண்டு ஒரு சொல் எழுதித் தாங்கோ" எண்டு ஒருக்காக் கேப்பன், ரெண்டாந்தரம் கேக்கமாட்டன். எழுத்துக் கூட்டக் கஷ்டப்படுற வயசுபோன அம்மாமார் வொய்ஸ் அனுப்புவினம். அவை சொன்னதை நான் எழுத்தில அடிச்சு, அதை வாசிச்சு ஒரு வொய்ஸும் சேர்த்து அனுப்பி, "சரியோ அம்மா" எண்டு கேட்டு ஓம் வாங்குவன், வீட்டில மகளோ பேத்தியோ இருந்தால் அவையளை அடிக்கச் சொல்லுவன். சிலரின்ர போனில மெசேஜ் தானா அழியிற மாதிரி, ஒரு நாளிலயோ ஏழு நாளிலயோ தொண்ணூறு நாளிலயோ, செட் பண்ணிக் கிடக்கும். முதல் தரம் அப்பிடி ஒரு ஓம் என்ர கண்ணுக்கு முன்னால காணாமல் போன பிறகு, பதில் வந்தோடன படமும் கேள்வியும் பதிலும் திகதியும் ஒண்டாத் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து தனி ஃபோல்டரில போட்டு வைக்கிறன்.

அதோட ஒரு சிஆர் கொப்பி. ஓடர் நம்பர், எந்தப் படம், முகம் உண்டோ இல்லையோ, டேக் உண்டோ இல்லையோ, ஓம் சொன்ன திகதி, ஒரு வருசம் முடியிற திகதி. அதுக்குப் பக்கத்தில அகலமான கோடு ஒண்டு, அதில எங்கெங்க போட்டனான் எண்டு ஒவ்வொண்டா எழுதுவன்: இன்ஸ்டா, பேஸ்புக், ஹைலைட், வட்சப் கற்றலொக். இந்தக் கொப்பியின்ர அருமை எனக்கு இந்த வருசம் மாசியிலதான் தெரிஞ்சுது. விசுவமடுப் பக்கத்து அக்கா ஒராள் எட்டு மாசத்துக்கு முந்தி எல்லாத்துக்கும் ஓம் சொன்னவ, டேக்குக்கும் ஓம். திடீரெண்டு ஒரு மத்தியானம் எழுதினா, "தங்கச்சி என்ர படத்தை எடுத்துவிடுங்கோ". சொன்னபடி காரணம் கேக்கேல்ல. கொப்பியைத் திறந்தால் அஞ்சு இடம் இருக்குது. இன்ஸ்டா, பேஸ்புக், ஹைலைட், கற்றலொக்கில விலையோட நிண்ட படம், பிறகு தீபாவளிக்கு ஒன்பது பிளவுஸைச் சேர்த்து ஒரு கொலாஜ் செய்து போட்டனான், அதில மூலையில இவவின்ர படம். கொலாஜை நான் மனசில வைச்சுத் தேடியிருந்தால் கட்டாயம் விட்டிருப்பன். எல்லாத்தையும் எடுத்து, எடுத்த இடங்களை எழுதி, அரை மணித்தியாலத்துக்குள்ள அவவுக்குப் பதில் போட்டன். அதில ஒண்டு மறைக்காமல் எழுதினன், "ஆராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்திருந்தால் அதை என்னால எடுக்கேலாது அக்கா". அவ எழுதினா, "தெரியும், காணும்".

இதாலதான் ஃபிளெக்ஸ் பனரிலயும் விசிற்றிங் காட்டிலயும் நான் கஸ்டமர் படம் போடுறதே இல்லை. அச்சடிச்சுக் குடுத்த காட்டைத் திருப்பி வாங்கேலாது, திருப்பி எடுக்கேலாத இடத்தில போடுறதுக்கு ஒரு வருச ஓமை வாங்கி வைச்சு என்ன செய்யிறது.

ஒரு கஸ்டமர் தன்ர பேஜில தானே போட்டு என்னை டேக் பண்ணினால் அது வேற. அதை நான் இறக்கி என்ர போட்டோவா ஏத்திறதில்லை. இன்ஸ்டாவுக்குள்ளயே ஷெயார் குடுத்து ஸ்டோரியில போடுவன், அதுவும் அவவிட்ட "ஸ்டோரியில போடட்டே" எண்டு கேட்டுப்போட்டு. அப்பிடிப் போட்டால் அவ தன்ர பதிவை அழிச்சவுடன என்ர ஸ்டோரியில அந்தப் படம் தெரியாது, சாவி அவவிட்டயே இருக்கும். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டால் அது என்ர போனில இருக்கிற தனிப் படம், அவ அழிச்சாலும் நான் எடுக்காட்டில் அது நிக்கும்.

பிள்ளையளின்ர படம் மட்டும் நான் வேற மாதிரிப் பாக்கிறன். தாய் எழுத்தில ஓம் சொன்னாலும் சாமத்தியவீட்டுப் படம் முகத்தோட போடுறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன். சட்டப்படி தாயின்ர ஓம் காணும். எனக்குக் காணாது. ஒரு வருசத்தில நான் எடுத்தாலும், அந்தப் பிள்ளைக்கு இருபது வயசாகேக்க, கம்பஸில கூடப் படிக்கிற ஒராளின்ர போனில அந்தப் படம் ஸ்கிரீன்ஷொட்டா வந்து நிக்கிறதை யோசிச்சால் கை போகுதில்லை. முதுகுப் பக்கம், கை வேர்க், பின்னலுக்குக் கீழ குஞ்சம், அதைப் போட்டாலே என்ர வேலை வடிவாத் தெரியும். அதுக்கும் தாயைக் கேப்பன், தாயிட்டச் சொல்லி பிள்ளையையும் கேப்பன்.

ஓடர் குறைஞ்சதோ எண்டால், பேஜில போடுற படம் குறைஞ்சது உண்மை. முந்திக் கிழமைக்கு நாலு அஞ்சு போட்டனான், இப்ப ஒண்டு ரெண்டு. போட ஓம் எண்டிற ஆக்களில டேக்குக்கும் ஓம் எண்டிறது வலு குறைவு, இதைப் பார்த்த பிறகுதான் முந்தி நான் எத்தினை பேரை விருப்பமில்லாமல் டேக் பண்ணியிருப்பன் எண்டு விளங்கிச்சுது. மிச்சத்துக்குக் குடுக்க முந்தியே, ஆளில்லாமல், பிளவுஸை மட்டும் எடுத்து வைக்கிறன். காலமை ஏழு மணி வெயிலுக்கு கட்பீட்ஸ் நல்லா மின்னும், பத்து மணிக்குப் பிறகு வெளிறிப்போகும். ஸ்ரூடியோத் தம்பியோடயும் கதைச்சு, அவன் எடுத்த படம் எண்டால் அவன்ர பெயரை வெட்டாமல் விடுறது, அவனிட்டயும் வட்சப்பில ஒரு ஓம் வாங்கிறது எண்டு முடிவு. அவன் உடன சம்மதம், பெயர் நிண்டால் காணுமாம்.

புதுக்குடியிருப்பு அக்கா இந்த ஆவணியில திரும்ப வந்தவ. மச்சாள் வீட்டுக் கலியாணத்துக்கு, தாய்க்கும் மகளுக்கும் ஒரே கரையில ரெண்டு பிளவுஸ். அளவெடுக்கேக்க பிள்ளை என்னோட கதைச்சவ, கழுத்துக்குப் பின்னால கயிறு வேணுமாம், நுனியில சின்ன மணி வேணுமாம். குடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு அக்கா கலியாணப் படம் அனுப்பினா, ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில, மச்சாளும் நடுவில. நான் வழமைபோல இழுத்து அந்த நாலு கேள்வியையும் அனுப்பினன். அரை மணித்தியாலத்தால பதில் வந்தது.

"எனக்கு ஓம் தங்கச்சி. இவவிட்டக் கேட்டனான், வேண்டாமாம். மணியை மட்டும் போடட்டாம்."

அந்தப் படத்தில மணி தெரியேல்ல. குடுக்க முந்தின நாள் காலமை நெல்லி மரத்துக் கொப்பில ஹாங்கரைக் கொழுவி நான் எடுத்து வைச்ச படம் ஒண்டு இருந்தது, பின்பக்கம் திரும்பி, கயிறு காத்துக்கு ஆடி, நுனியில ரெண்டு மணி. அதைத்தான் போட்டிருக்கிறன்.